“10 நிமிடம் தாமதம் ஏற்கப்படும்” என்ற வரியைத் திருத்திய கதை

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் எங்கள் வாசகர் வட்டம் நடக்கிறது. பள்ளிகளுக்கான வினாடி வினாவை இந்த ஆண்டு ஆன்லைனில் நடத்தினோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை 16 பள்ளிகள், பள்ளிக்கு ஓர் அணி, அணிக்கு இரண்டு மாணவர்கள். கேள்விகளை மூன்று பேர் தயாரித்தார்கள். பள்ளிகளுக்கு நேரத்தையும் விதிகளையும் அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்த அந்த வேலையை இரண்டு வாரம் செய்தேன். முதல் முறை என் செய்தியால் சுற்றையே திரும்ப நடத்த வேண்டியிருந்தது. எங்கே தவறியது, எப்படிச் சரி செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அணி கூகுள் மீட் அழைப்புக்குள் வர வேண்டும், கேமராவில் இரண்டு மாணவர்களும் தெரிய வேண்டும். சரியாக 10 மணிக்குச் சாட்டில் கூகுள் படிவத்தின் லிங்க்கைப் போடுவோம். அதில் 20 கேள்விகள், நேரம் 20 நிமிடம். அதிக மதிப்பெண் எடுத்த ஆறு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நான் அனுப்பிய செய்தி இது:

“முதல் சுற்று சனிக்கிழமை காலை 10.00 – 10.20. லாகின் 9.45 முதல். 10 நிமிடம் வரை தாமதம் ஏற்கப்படும். வாழ்த்துகள்!”

எழுதும்போது இதில் எனக்கு எந்தக் குழப்பமும் தெரியவில்லை. என் மனதில் இருந்த அர்த்தம் இதுதான்: 10.10 வரை உள்ளே வரலாம், எல்லோருக்கும் 10.20-க்கு முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது பாதியை நான் எழுதவே இல்லை.

அன்று காலை 10.20-க்குப் படிவத்தை மூடினேன். 10.25-க்கு முதல் போன். ராயபுரம் பக்கத்துப் பள்ளி, 10.08-க்கு உள்ளே வந்த அணி. 20 நிமிடம் என்றால் தங்களுக்கு 10.28 வரை இருக்கிறது என்று கணக்குப் போட்டு நிதானமாக எழுதியிருக்கிறார்கள். 10.24-க்கு அனுப்பும் பட்டனை அழுத்தினால், படிவம் இனி பதில்களை ஏற்காது என்று வந்திருக்கிறது. எழுதிய 17 விடையில் ஒன்றுகூட எங்களுக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது பள்ளி நேரத்துக்கு வந்த பள்ளி. “10 நிமிடம் தாமதம்” என்பதை விடை அனுப்புவதற்கான சலுகையாக அந்த ஆசிரியை எடுத்துக்கொண்டார். “லாகின்னு மேலே ஒரு வரி இருக்கு தம்பி. அடுத்த வரியில தாமதம்னு மட்டும்தானே போட்டிருக்கீங்க? எதுல தாமதம்?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

மூன்றாவது, மணலி பக்கத்துப் பள்ளி. எங்கள் தன்னார்வலர் ஒருவர் தன் போனில் 10.11 என்று பார்த்து அவர்களைச் சேர்க்கவில்லை. அங்கே சுவர்க் கடிகாரத்தில் 10.09. இரண்டில் எது கணக்கு என்று நாங்கள் எங்குமே சொல்லவில்லை.

மூன்று பள்ளிகளும் ஒரே வரியை மூன்று விதமாகப் படித்திருந்தன. அன்று மாலையே கூடிப் பேசி, முடிவை ரத்து செய்துவிட்டு அடுத்த சனிக்கிழமை புதுக் கேள்விகளோடு திரும்ப நடத்துவது என்று தீர்மானித்தோம். 16 பள்ளிகளுக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். போனில் எல்லோரிடமும் ஒரே கேள்வியையும் கேட்டேன்: “என் செய்தியைப் படித்ததும் என்ன புரிந்துகொண்டீர்கள்?” பதில்களை ஒரு நோட்டில் எழுதினேன். திருத்தம் முழுவதும் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

நோட்டைப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு நேரம் போதாது, ஐந்து நேரம் வேண்டும். கதவு திறக்கும் நேரம், கேள்வி தொடங்கும் நேரம், கதவு மூடும் நேரம், எழுதி முடிக்கும் நேரம், விடை வந்து சேர வேண்டிய நேரம். “10.00 – 10.20” என்று எழுதினால் இந்த ஐந்தையும் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். தாமத விதி இந்த ஐந்தில் ஒன்றை மட்டுமே தொடுகிறது. எதைத் தொடுகிறது என்பதைப் போலவே, எதைத் தொடவில்லை என்பதையும் எழுத வேண்டும். முடிவு நேரம் மாறாது என்ற வரியை நான் விட்டதுதான் ராயபுரத்துப் பிள்ளைகளின் 17 விடைகளைத் தின்றது.

தாமதமாக வந்த அணிக்கும் முழு 20 நிமிடம் கொடுத்தால் என்ன என்று எங்கள் வட்டத்தில் கேட்டார்கள். கொடுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள். 10.20-க்கு முடித்த அணி வெளியே வந்து பேச ஆரம்பித்துவிடும். அப்போது இன்னொரு அணி 10.30 வரை எழுதிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பள்ளி நண்பனின் ஒரு போன் போதும். அதனால் முடிவு எல்லோருக்கும் ஒன்றுதான், இழப்பது தாமதமாக வந்தவரின் சொந்த நேரம். 10.10-க்குப் பிறகு வந்தால் பாதி நேரம்கூட மிஞ்சாது, அதனால் அங்கே கதவை மூடுகிறோம். இந்தக் காரணத்தையும் ஆசிரியர்களிடம் சொன்னேன். காரணம் தெரிந்த பிறகு யாரும் அந்த விதியோடு சண்டை போடவில்லை.

அடுத்தது கடிகாரம். மணலிப் பள்ளிக்கு நேரில் போயிருந்தபோது லேபில் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். அணி உட்கார்ந்த கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் காட்டியது. மதர்போர்டில் நாணயம் அளவு ஒரு பேட்டரி இருக்கும், CR2032. அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் நின்றதும் கம்ப்யூட்டர் நேரத்தை மறந்துவிடும். நேரம் தவறாகத் தெரிவதோடு இது நிற்பதில்லை. குரோமில் மீட் லிங்க்கை அழுத்தினால் “Your clock is behind” என்று வந்து பக்கமே திறக்காது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று பிரவுசர் தன் தேதியை வைத்துப் பார்க்கிறது. தேதி தவறு என்றால் சான்றிதழும் தவறாகத் தெரியும். அன்று காலை அந்தப் பள்ளி தாமதமானதற்குக் காரணம் இதுதான். இதை அவர்கள் நெட் பிரச்சனை என்று நினைத்து 15 நிமிடம் ரவுட்டரை ஆன், ஆஃப் செய்துகொண்டிருந்தார்கள். தேதியைக் கையால் சரி செய்ததும் மீட் திறந்துவிட்டது. அதனால் “முந்தைய நாளே அந்தக் கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்” என்ற வரி புதுச் செய்திக்குள் வந்தது. பேட்டரியை மாற்றாவிட்டால் மறுநாள் ஆன் செய்யும்போது திரும்பவும் சரி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

யாருடைய கடிகாரம் கணக்கு என்பதற்கு, அழைப்பில் எங்கள் திரையைப் பகிர்ந்து `time.is` பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தோம். கம்ப்யூட்டரின் கடிகாரம் எத்தனை விநாடி முன்னே பின்னே இருக்கிறது என்பதையும் அந்தப் பக்கம் சொல்லும். உள்ளே வந்த அணிக்கு அது கண்ணெதிரே ஓடும். இன்னும் உள்ளே வராத அணி, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்படி அமைத்த போனைப் பார்த்தால் போதும்.

படிவத்தை மூடுவது பற்றி நான் யோசிக்காமல் விட்ட ஒன்றும் இருந்தது. மூடிய படிவத்தில் அனுப்பினால் விடை எங்கும் பதிவாகாது. யார் எத்தனை மணிக்கு அனுப்பினார், எத்தனை எழுதினார் என்று பிறகு பார்க்கவே வழியில்லை. புகார் வந்தால் எங்கள் கையில் எந்தச் சான்றும் இருக்காது. இந்த முறை படிவத்தை 10.40 வரை திறந்தே வைத்தேன். 10.23.00-க்கு முன் வந்ததா என்பதை மட்டும் பதிவு நேரத்தை வைத்துப் பிரித்தேன். பதில்கள் வந்து விழும் ஷீட்டில் A நெடுவரிசையில் நேர முத்திரை இருக்கும். பக்கத்துக் காலி நெடுவரிசையில் இது:

```
=IF(MOD(A2,1)<TIME(10,23,0),"சரி","தாமதம்")
```

தேதியை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுப்பதற்காக அந்த MOD. ஒத்திகையில் எல்லா வரியும் “தாமதம்” என்றே வந்தது. 10.20-க்கு அனுப்பியது முந்தைய நாள் இரவு 9.50 என்று பதிவாகியிருந்தது. ஷீட்டின் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் கிடந்தது, வேறு யாரோ உருவாக்கிய ஷீட்டை நகலெடுத்ததால் வந்த வினை. File, Settings-க்குள் போய் Time zone என்ற இடத்தில் இந்திய நேரத்துக்கு மாற்றியதும் சரியானது. போட்டி நாளில் பார்த்திருந்தால் பதறியிருப்பேன். உங்கள் பெயரில் ஒரு பொய் விடை அனுப்பி, ஷீட்டில் விழும் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

10.20-க்கும் 10.23-க்கும் நடுவில் உள்ள மூன்று நிமிடத்தை வெளியே சொல்லலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சொன்னால் எல்லோரும் 10.23 வரை எழுதுவார்கள் என்றார் நண்பர். எழுதட்டுமே என்றேன். சொல்லாமல் வைத்தால், முன்பு எங்களோடு போட்டிகளில் கலந்துகொண்ட பள்ளிகளுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். புதிதாக வரும் பள்ளிப் பிள்ளைகள் 10.19-க்கே பயந்துபோய் அனுப்பிவிடுவார்கள். மறைத்து வைத்த சலுகை தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். அதனால் எழுதிவிட்டேன்.

சாட்டில் லிங்க் போடுவதையும் கைவிட்டோம். மீட்டில் பின்னால் சேர்ந்தவர்களுக்கு அதற்கு முன் சாட்டில் போட்டது தெரியவில்லை. 10.08-க்கு வந்த அணி லிங்க் எங்கே என்று கேட்டு வாங்குவதற்கே இரண்டு நிமிடம் போயிருக்கிறது. புது ஏற்பாட்டில் படிவ லிங்க்கைக் காலை 9.30-க்கே எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். அதன் முதல் பக்கத்தில் நான்கு இலக்க எண் கேட்கும், சரியான எண்ணைப் போட்டால்தான் கேள்விப் பக்கம் வரும். எண்ணை 10.00-க்கு அழைப்பில் வாயால் சொல்வோம், தாமதமாக வருபவருக்கு வந்ததும் சொல்வோம். எண் வெளியே கசியலாம்தான். அதனால் அழைப்பில் 10.10-க்குள் வருகை பதிவான அணியின் விடை மட்டுமே செல்லும் என்று வைத்தோம். வருகையைப் பதிய அணிக்கு ஒரு குறியீடு கொடுத்து, மீட்டில் பெயருக்குப் பதில் அதையே போடச் சொன்னோம். `RYP-03` என்று திரையில் வந்தால் யாரென்று கேட்காமல் உடனே சேர்க்கலாம்.

அப்புறம் மின்சாரம். வட சென்னையில் சனிக்கிழமை காலை போட்டி வைப்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். பொதுவாகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் வரை போகும். பகுதிப் பெயர்களோடு நாளிதழில் முன்கூட்டியே வரும். அது இல்லாத நாளிலும் ஐந்து நிமிடம் கரண்ட் போகலாம். பாதியில் துண்டான அணி 10.14-க்குத் திரும்பி வந்தால் அது தாமதமா? பழைய செய்தியை எழுத்துப்படி எடுத்தால் தாமதம்தான், கதவு மூடியாகிவிட்டது. இதைத் தனி விதியாகப் பிரித்தேன்.

இப்படி வந்து நின்ற செய்தி:

அறிவிப்பு 2 (வியாழன் மாலை). இது வந்த பிறகு பழைய அறிவிப்பு செல்லாது.
சனிக்கிழமை, முதல் சுற்று:
9.40 – மீட் அழைப்பு திறக்கும். அணிக் குறியீட்டைப் பெயராகப் போட்டு வாருங்கள்.
10.00 – கேள்விகள் தொடங்கும்.
10.10 – உள்ளே வரக் கடைசி நிமிடம். கடிகாரம் 10.11 ஆகிவிட்டால் சேர்க்க இயலாது.
10.20 – எழுதும் நேரம் முடியும். தாமதமாக வந்தவர்களுக்கும் இதே 10.20தான்.
10.23 – இதற்கு முன் விடை எங்களுக்கு வந்து சேர வேண்டும்.
உதாரணம்: 10.00-க்குள் வந்தால் 20 நிமிடம். 10.04-க்கு வந்தால் 16 நிமிடம். 10.10-க்கு வந்தால் 10 நிமிடம்.
ஒருமுறை உள்ளே வந்த அணி கரண்ட், நெட் போய் வெளியேறினால் 10.20 வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அது தாமதம் ஆகாது. கூடுதல் நேரம் மட்டும் கிடையாது.
எங்கள் அழைப்பில் திரையில் ஓடும் கடிகாரமே கணக்கு.
முந்தைய நாளே கம்ப்யூட்டரில் தேதி, நேரம் பாருங்கள். ஒரு போனைத் தயாராக வைத்திருங்கள்.

“10.10 வரை” என்று மட்டும் விடாமல் “10.11 ஆகிவிட்டால்” என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 10.10.40-க்கு வருபவர் உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி போட்டி நடக்கும்போதுதான் எழும். அப்போது யோசித்தால் யாருக்காவது அநியாயம் செய்துவிடுவோம்.

செய்தி தயார். அது போய்ச் சேர வேண்டுமே. முதல் முறை வாட்ஸாப் பிராட்காஸ்ட்டில் அனுப்பியிருந்தேன். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். ஐந்து பள்ளிகளுக்கு ஒற்றை டிக்கோடு நின்றதை நான் கவனிக்கவே இல்லை. அவர்களுக்கு நேரம் தெரிந்தது வேறு பள்ளி ஆசிரியர்கள் சொல்லித்தான். இப்போது அட்மின் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்றை ஆரம்பித்து, பள்ளிக்கு இரண்டு எண் சேர்த்தேன். ஒன்று பொறுப்பாசிரியர், இன்னொன்று லேபைத் திறந்துவிடுபவர். இரண்டாவது எண்தான் சனிக்கிழமை காலையில் அதிகம் உதவியது.

நேரம் போட்ட போஸ்டர் படமும் முதல் முறை அனுப்பியிருந்தோம். இந்த முறை போஸ்டரில் நேரமே போடவில்லை. படம் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்பிப் பிடிக்க முடியாது. பழைய போஸ்டரைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த இரண்டு பள்ளிகளிடம் கேட்டுக் கழற்ற வைத்தேன்.

கடைசியாக, “ஓகே” என்ற பதிலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஓகே என்றால் பார்த்தேன் என்றுதான் அர்த்தம், புரிந்தது என்று அர்த்தமில்லை. செய்தியின் கீழே ஒரு கேள்வி வைத்தேன்: “உங்கள் அணி 10.07-க்கு உள்ளே வந்தால் எத்தனை நிமிடம் கிடைக்கும்? எனக்குத் தனியாக எண்ணை மட்டும் அனுப்புங்கள்.” வெள்ளி மதியத்துக்குள் 11 பள்ளிகள் 13 என்று அனுப்பின. மூன்று பள்ளிகள் 16 என்று அனுப்பின, 10.23-ஐ முடிவு நேரமாக எடுத்துக்கொண்டு. இரண்டு பள்ளிகளிடமிருந்து பதிலே இல்லை. இந்த ஐந்து பேருக்கு மட்டும் போன் செய்தேன். 16 சொன்னவர்களின் கணக்கும் தவறில்லை, அந்த மூன்று நிமிடத்தில் எழுதலாம்தான். ஆனால் நெட் மெதுவாக இருக்கும் லேபில் அதை நம்ப வேண்டாம், அனுப்புவதற்கே அது வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். பதில் வராத இரண்டில் ஒரு பள்ளியின் ஆசிரியர் விடுப்பில் இருந்தார். அந்த அணிக்குச் சனிக்கிழமை போட்டி என்பதே தெரியாது. இந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வராமலே போயிருப்பார்கள்.

சனிக்கிழமை 9.55-க்கு 13 அணிகள் உள்ளே இருந்தன. 10.02-க்கு ஒன்று. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட ஆசிரியர் வந்துதான் லேப் சாவி கிடைத்தது என்று 10.07-க்கு ஓர் அணி வந்தது. எண்ணைச் சொன்னதும் அந்த மாணவி, “13 நிமிஷம், தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள். 10.12-க்கு ஒரு கோரிக்கை வந்தது, புதிய அணி, நாங்கள் சேர்க்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து எண்ணூர் அணி மின்சாரம் போய்த் திரும்பி வந்தது, குறியீட்டைப் பார்த்ததும் சேர்த்தோம். ஷீட்டில் 15 விடைகள், 15-க்கும் “சரி”. கடைசியாக வந்தது 10.22.31.

சேர்க்காத அணியின் ஆசிரியருக்கு நானே போன் செய்தேன். குழுவில் இருந்த செய்தியை அவர் படித்திருந்தார். பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து, விதியை நானே ஒருமுறை சொல்லும்படி கேட்டார். சொன்னேன்.

அடுத்த சுற்று ஆறு அணிகளோடு நேரலை, பஸ்ஸர் முறை. இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் அழைப்பு 60 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் சுற்றன்றே 9.40-க்குத் திறந்த அழைப்பில் தொடர்ந்திருந்தால் 10.40-க்கு எல்லோரும் வெளியே விழுந்திருப்பார்கள். அதனால் அறிவிப்பு 3-இல் இரண்டாம் சுற்றுக்குத் தனி லிங்க், 11.00-க்குக் கதவு, 11.10-க்குத் தொடக்கம் என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸர் சுற்றில் தாமத அனுமதி கிடையாது, ஏனென்றால் போன கேள்வியைத் திரும்பக் கேட்க முடியாது. கீழே கேட்ட கேள்வி: “உங்கள் அணி 11.11-க்கு வந்தால் என்ன ஆகும்?” இதுவரை நான்கு பள்ளிகள் பதில் அனுப்பியிருக்கின்றன. மீதி இரண்டுக்கும் நாளைக் காலை போன் செய்ய வேண்டும்.